ராவே சிறையும் அலமாரியில் கிடந்த அறிக்கைகளும்

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ராவே சிறையில் ஆயுள் தண்டனைக் கைதிகள் சிலர் 1976இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். திருட்டு, அடிதடி என்று வழி தவறத் தொடங்கிய பையன்களை ஒருநாள் சிறைக்குள் அழைத்து வருவது, உள்ளே நடக்கும் கொடுமைகளை அவர்கள் முகத்துக்கு நேரே கத்திச் சொல்வது, அரண்டு போய் வீடு திரும்பும் பையன் இனித் தப்புத் தண்டாவுக்குப் போகமாட்டான் என்று நம்புவது. இவ்வளவுதான் திட்டம். இதை வைத்து எடுக்கப்பட்ட ‘ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்!’ என்ற ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. படத்தில் வந்த 17 பேரில் 16 பேர் மூன்று மாதம் கழித்தும் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு! செலவும் அதிகமில்லை. நாடெங்கும் 30க்கும் மேற்பட்ட இடங்களில் இதைப் போன்ற திட்டங்கள் முளைத்தன.

மிச்சிகன் மாநிலச் சிறைத்துறையின் கோப்புகளில் இதற்கு நேர்மாறான ஒரு செய்தி 1967 முதலே இருந்தது. அங்கே அயோனியா என்ற ஊரிலிருந்த சீர்திருத்தச் சிறைக்குப் பையன்களை அழைத்துப்போய்க் காட்டும் வழக்கம் ராவேக்கு முன்பே இருந்திருக்கிறது. துறையின் ஆய்வுப் பிரிவு அதைச் சோதித்துப் பார்த்தது. 60 பையன்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சிறைக்கு அழைத்துப்போனார்கள், மறுபாதியை அழைத்துப்போகவில்லை. ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது, சிறையைப் பார்த்து வந்தவர்களில் 43 சதவீதம் பேர் மறுபடி வழக்கில் சிக்கியிருந்தார்கள், அல்லது நன்னடத்தைக் கண்காணிப்பின் விதிகளை மீறியிருந்தார்கள். சிறையைப் பார்க்காதவர்களில் அது 17 சதவீதம்தான். இந்த முடிவு துறையின் நாலாம் எண் ஆய்வறிக்கையாகத் தட்டச்சாகி, அங்கேயே தங்கிவிட்டது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

இப்படிப்பட்ட ஆவணங்களுக்குத்தான் நூலகத்துறையில் சாம்பல் இலக்கியம் என்று பெயர். அரசுத் துறைகளின் அறிக்கைகள், முனைவர் பட்ட ஆய்வேடுகள், தொண்டு நிறுவனங்களின் திட்ட மதிப்பீடுகள், மாநாடுகளில் வாசித்த கட்டுரைகள், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளிடம் கம்பெனிகள் ஒப்படைக்கும் சோதனை அறிக்கைகள் எல்லாம் இதில் அடங்கும். புத்தகம் போடுவதையோ பத்திரிகை நடத்துவதையோ தொழிலாகக் கொண்டவர்கள் இவற்றை வெளியிடுவதில்லை. பெரும்பாலும் கடையில் கிடைக்காது. ஆய்விதழ்களின் அட்டவணையிலும் பெயர் வராது. ரகசியம் என்பதால் அல்ல, எழுதியவர்களுக்கு அதை விற்கும் அவசியம் இல்லை என்பதால்.

ஒரு கேள்விக்கு உலகில் இதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, தரம் பார்த்து, ஒன்றாகக் கூட்டிப் பதில் சொல்வதை முறைசார் மீளாய்வு என்பார்கள். மருத்துவத்தில் காக்ரேன், சமூகத் திட்டங்களில் கேம்ப்பெல் என்ற இரண்டு அமைப்புகள் இதற்குப் பேர்போனவை. மீளாய்வு செய்பவர் ஆய்விதழ்களை மட்டும் தேடினால் போதாதா, அலமாரிகளையும் கிண்டவேண்டுமா என்பது பழைய வாதம். சக ஆய்வாளர்கள் சரிபார்க்காத காகிதத்தை எப்படி நம்புவது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சிறைக்கு அழைத்துப்போய் மிரட்டும் திட்டங்களின் கதையைப் பார்த்தால், ஆய்விதழ்களோடு நின்றுவிடுவதில் என்ன ஆபத்து என்பது புரியும்.

ஆண்டனி பெட்ரோசினோ என்ற குற்றவியல் ஆய்வாளர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகக் குற்றத்தடுப்புச் சோதனைகளைத் தேடிச் சேர்த்தார். அவருடைய 1997ஆம் ஆண்டு ஆய்வேடே இந்த மீளாய்வுக்கு விதை. பிறகு இருவரோடு சேர்ந்து, பையன்களைச் சிறைக்கு அழைத்துப்போகும் திட்டங்களை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்தார். 2002இல் அது காக்ரேனில் வந்தது, அடுத்துக் கேம்ப்பெல்லிலும் வந்தது. தேடல் பல வழிகளில் நடந்தது. மின்னணு அட்டவணைகளைத் துழாவினார்கள். ஆய்விதழ்களை ஏடு ஏடாகப் புரட்டினார்கள். கிடைத்த ஒவ்வொரு ஆவணத்தின் கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலைப் பிடித்து அடுத்ததற்குப் போனார்கள். துறை சார்ந்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். இந்தக் கடைசி இரண்டும் சாம்பல் இலக்கியத் தேடலின் உயிர்நாடி. மிச்சிகன் சிறைத்துறையின் அறிக்கை எந்த ஆய்விதழ் அட்டவணையிலும் தானாக வந்து நிற்காது. யாரோ ஒருவர் எங்கோ ஒரு அடிக்குறிப்பில் அதைச் சொல்லியிருக்கவேண்டும், அல்லது ஒரு பழைய அதிகாரி ஞாபகம் வைத்திருக்கவேண்டும்.

குலுக்கல் முறையிலோ அதை ஒத்த முறையிலோ இரு குழுக்களைப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகள் மட்டுமே அவர்கள் கணக்கில் சேரும். அப்படி ஒன்பது ஆய்வுகள் தேறின. 1967இல் தொடங்கி 1992 வரை. எல்லாம் அமெரிக்காவில் நடந்தவை. இவற்றில் இரண்டில், குற்றம் செய்தவர் எத்தனை பேர் என்று கூட்டிப்பார்க்கத் தேவையான எண்கள் இல்லை. அந்த இரண்டுமே ஆய்விதழ்களில் வெளிவந்தவை! எண்கள் ஒழுங்காகக் கிடைத்த ஏழில், ஆய்விதழில் வந்தது ஒன்றே ஒன்று. அது கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையைப் பற்றிய 1983ஆம் ஆண்டுக் கட்டுரை. இன்னொன்று ராவே திட்டத்தையே சோதித்த ஜேம்ஸ் ஃபின்கெனாவரின் 1982ஆம் ஆண்டுப் புத்தகம். டல்லாஸ் நகரத் திட்டத்தைப் பற்றிய 1981ஆம் ஆண்டு ஆய்வு ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. மீதி நான்கும் அரசு அறிக்கைகள்: மிச்சிகனிலிருந்து இரண்டு, வர்ஜீனியா சிறைத்துறையிலிருந்து ஒன்று, தெற்கு இல்லினாயின் ஒரு வட்டாரத் திட்டக்குழுவிலிருந்து ஒன்று. ஆய்விதழ் மட்டும் போதும் என்று முடிவெடுத்திருந்தால், கூட்டிப்பார்க்க ஒரே ஒரு ஆய்வுதான் மிஞ்சியிருக்கும்.

சரி, கிடைத்ததெல்லாம் தங்கமா?

தரம் பார்ப்பதில் முதலில் கவனிக்கவேண்டியது, ஒப்பிட ஒரு குழு இருந்ததா என்பது. ஆவணப்படத்தின் 17இல் 16 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். அரங்கில் பார்ப்பவருக்கு அது பெரிய வெற்றி. ஃபின்கெனாவர் அதே திட்டத்துக்கு அனுப்பப்பட்ட 46 பேரையும், அனுப்பப்படாத 35 பேரையும் ஆறு மாதம் கவனித்தார். அனுப்பப்படாதவர்களில் 11.4 சதவீதம் பேர்தான் மறுபடி குற்றம் செய்தார்கள். அதாவது எந்தச் சிறையையும் பார்க்காமலே, நூற்றுக்கு 89 பேர் ஆறு மாதம் ஒழுங்காக இருந்தார்கள். மூன்று மாதத்தில் நூற்றுக்கு 94 என்பதில் மிரட்டலின் பங்கு எவ்வளவு, தானாகவே நடந்திருக்கக்கூடியது எவ்வளவு என்று படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. சிறைக்குப் போய்வந்த 46 பேரில் 41.3 சதவீதம் பேர் மறுபடி குற்றம் செய்தார்கள் என்பது ஃபின்கெனாவர் கண்ட மறுபக்கம். தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும் அரசின் சாதனை மலர்களிலும் நாம் பார்க்கும் வெற்றிச் சதவீதங்களில் பெரும்பாலானவை படத்தில் வந்த கணக்கின் வகைதான்: திட்டத்தில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் இருக்கும், சேராதவர்கள் எப்படி இருந்தார்கள் என்ற வரி இருக்காது.

இரண்டாவது, குலுக்கல் என்று எழுதியிருப்பது குலுக்கலாகவே நடந்ததா என்பது. இங்கே ஃபின்கெனாவரின் புத்தகமே இடறுகிறது. பையன்களை அனுப்பிய அமைப்புகளில் சில, குலுக்கலில் விழுந்தபடி அனுப்பாமல் தங்கள் இஷ்டத்துக்கு ஆட்களை மாற்றியிருந்தன. அதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனாலும் 41க்கும் 11க்கும் இடையிலான அந்தப் பெரிய இடைவெளியில் ஒரு பகுதி, ஏற்கெனவே முரட்டுத்தனமான பையன்கள் சிறைக்குப் போகும் குழுவில் அதிகம் விழுந்ததால்கூட வந்திருக்கலாம். மீளாய்வாளர்கள் என்ன செய்தார்கள்? ஆய்வைத் தூக்கி எறியவில்லை. அதை வைத்து ஒருமுறை, அதை எடுத்துவிட்டு ஒருமுறை கணக்குப் போட்டார்கள். அளவு குறைந்ததே தவிர, முடிவின் திசை மாறவில்லை. சந்தேகத்துக்குரிய ஒரு ஆவணத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இந்த வழி நேர்மையானது என்பது என் எண்ணம். படிப்பவருக்கு இரண்டு விடைகளும் கண்முன்னே இருக்கும்.

மூன்றாவது, வழியில் எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்பது. வர்ஜீனியா அறிக்கையில் ஆறாம் மாதக் கணக்கில் இரு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒன்பதாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் திட்டத்துக்குச் சாதகமாக முடிவு வந்திருந்தது. திட்டத்தை ஆதரிக்கிறவர் இந்த வரியை உடனே பிடித்துக்கொள்வார். ஆனால் அந்தப் பிந்தைய கணக்கெடுப்புகளில் நிறையப் பேர் விடுபட்டுப் போயிருந்தார்கள். விடுபட்டவர்கள் ஒழுங்காக இருந்தவர்களா, வேறு ஊரில் மாட்டிக்கொண்டவர்களா என்று தெரியாதபோது, மிஞ்சியவர்களை வைத்துச் சொல்லும் சதவீதத்துக்குக் கனம் குறைவு. மீளாய்வாளர்கள் எல்லா ஆய்வுகளுக்கும் பொதுவாக முதல் கணக்கெடுப்பையே எடுத்துக்கொண்டார்கள். இந்த விதியை முடிவு தெரிவதற்கு முன்பே வகுத்துக்கொள்வது முக்கியம். பிடித்த மாதத்தைப் பிறகு பொறுக்கினால், மீளாய்வும் இன்னொரு விளம்பரமாகிவிடும்.

நான்காவது, எழுதியவருக்கு முடிவில் என்ன லாபம் என்பது. துறையே தன் திட்டத்தைத் தானே மதிப்பிட்டு எழுதிய அறிக்கையை எடுத்த எடுப்பிலேயே சந்தேகிக்கலாம். ஆனால் இந்த நான்கு அரசு அறிக்கைகளில் ஒன்றுகூட முதல் கணக்கெடுப்பில் தன் திட்டத்தைத் தூக்கிப் பிடிக்கவில்லை. இல்லினாய் அறிக்கை மெனார்ட் சிறைக்குப் போய்வந்த, 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. போனவர்களில் 17 சதவீதம் பேரும், போகாதவர்களில் 12 சதவீதம் பேரும் மறுபடி காவல்துறையிடம் சிக்கினார்கள் என்று அது சொன்னது. தனக்கு வசதியில்லாத முடிவைத் தானே எழுதிவைத்த அறிக்கைக்கு, விற்பனைக்கு வந்த ஆவணப்படத்தைவிட நம்பகம் கூடுதல். எழுதியவர் யார் என்று மட்டும் பார்த்தால் இது தெரியாது. அவர் எழுதிய முடிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இப்படி வடிகட்டிய ஏழு ஆய்வுகளையும் கூட்டியபோது, சிறைக்குப் போய்வந்தவர்கள் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு விகிதம் 1.68 மடங்கு என்று வந்தது. நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், சும்மா விட்டுவைத்த நூறு பேரில் 30 பேர் தவறு செய்வார்கள் என்று வைத்துக்கொண்டால், சிறைக்கு அழைத்துப்போன நூறு பேரில் சுமார் 42 பேர் தவறு செய்வார்கள். மிரட்டுவது பலிக்கவில்லை என்பதோடு இது நிற்கவில்லை. ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் பையன்களுக்கு நல்லதாக இருந்திருக்கும் என்றாகிறது. தனித்தனியே பார்த்தால் இந்த அறிக்கைகளில் பல, தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய சிறு வித்தியாசங்களையே காட்டின. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது கூட்டியபோதுதான் தெரிந்தது.

ஆய்வேடுகளைப் பற்றித் தனியே கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அவற்றைப் பற்றித்தான் அதிகம் ஏளனம் கேட்கிறோம். பட்டத்துக்காக எழுதியது, தேர்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார், அவ்வளவுதானே என்பார்கள். ஆனால் ஆய்விதழ் பத்துப் பக்கத்தில் சுருக்குவதை ஆய்வேடு இருநூறு பக்கத்தில் விரிக்கிறது. எப்படி ஆள் சேர்த்தார்கள், கேள்வித்தாள் என்ன, எந்தக் கணக்கு பலிக்கவில்லை என்பதெல்லாம் பின்னிணைப்பில் கிடக்கும். தரம் பார்ப்பவருக்கு இது பெரிய உதவி. இன்னொன்று, முடிவு சுவாரசியமாக இல்லாவிட்டாலும் பட்டம் கிடைத்துவிடும். ஆய்விதழில் அப்படி இல்லை. மேரி லீ ஸ்மித் 1980இல் செய்த ஒரு தொகுப்பு இதற்கு நல்ல சாட்சி. உளவியல் ஆலோசகர்கள் பெண்களிடம் பாரபட்சம் காட்டுகிறார்களா என்று அவர் பார்த்தார். அச்சில் வந்த ஆய்வுகள், பெண்களுக்குப் பாதகமாகச் சற்றுச் சாய்வு இருப்பதாகக் காட்டின. அச்சேறாதவை, பெரும்பாலும் ஆய்வேடுகள், ஏறக்குறைய அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தன. இரண்டையும் சேர்த்தால் ஒன்றுமில்லை என்று வந்தது.

குறைகளும் உண்டு. ஆய்வேட்டில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் தரவு சேகரிப்பார், அவரே அளப்பார், யார் எந்தக் குழு என்பதும் அவருக்கே தெரியும். அவர் படிக்கும் கல்லூரிக்குப் பக்கத்தில் கிடைத்தவர்களே மாதிரியாக இருப்பார்கள். அதோடு மீளாய்வாளர் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஆய்வேடு 2015இல், அதிலிருந்து பிழிந்த கட்டுரை 2017இல், மாநாட்டுச் சுருக்கம் 2014இல் என்று ஒரே ஆய்வு மூன்று வேஷத்தில் வரும். பார்க்காமல் சேர்த்தால் அதே 120 பேர் 360 பேராகிவிடுவார்கள். ஊர், ஆண்டு, ஆட்களின் எண்ணிக்கை, வழிகாட்டியின் பெயர் ஆகியவற்றை ஒத்துப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடித்த பிறகு ஆய்வேட்டைத் தள்ளிவிடாமல், இரண்டையும் ஒரே ஆய்வின் இரு ஆவணங்களாக வைத்து எண்களை ஒப்பிடுவது நல்லது. ஆய்வேட்டில் ஐந்து விளைவுகளை அளந்து, கட்டுரையில் சாதகமான இரண்டை மட்டும் சொல்லியிருந்தால், அது அப்போதுதான் வெளியே வரும். நம் நாட்டில் இதைச் செய்ய இப்போது வசதி இருக்கிறது. சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் உட்பட இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் முழுமையாகக் கிடைக்கின்றன.

ஒப்பீட்டுச் சோதனையே இல்லாத அறிக்கைகளும் கொள்கை ஆவணங்களும் மீளாய்வில் வரும். அவற்றுக்குக் குலுக்கல் பற்றிய கேள்வி பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக நூலகர் ஜெஸ் டின்டால் 2010இல் இதற்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வகுத்தார். எழுதியவருக்கு அந்தத் துறையில் தகுதி உண்டா, தரவு எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்கிறதா, எதுவரை பேசுகிறோம் என்ற எல்லையைச் சொல்லியிருக்கிறதா, சாய்வு தெரிகிறதா, தேதி இருக்கிறதா, இருப்பதோடு புதிதாக எதையாவது சேர்க்கிறதா என்று அது கேட்கிறது. இவற்றில் தேதிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். இணையத்தில் கிடக்கும் அரசு அறிக்கைகளைக் கையாண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்: தேதியில்லாத பி.டி.எஃப்.பில் ‘சென்ற ஆண்டு’ என்று எழுதியிருந்தால், அது எந்த ஆண்டு? ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தப் பட்டியல் ஆவணத்தை எடைபோடுமே தவிர, ஆய்வை எடைபோடாது. தகுதியுள்ளவர் தேதி போட்டு எழுதிய மோசமான சோதனை எல்லாக் கேள்விகளிலும் தேறிவிடும். ஆகவே இதில் மதிப்பெண் கூட்டி, இத்தனைக்கு மேல் எடுத்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே என்று நடத்துவது சரியல்ல.

எல்லா மீளாய்வுக்கும் இவ்வளவு உழைப்பு தேவையா? சுகாதாரச் சோதனைகளை ஒப்பிட்டு 2007இல் காக்ரேனில் வந்த ஒரு தொகுப்பு, அச்சில் வந்தவை சாம்பல் இலக்கியத்தைவிடச் சராசரியாக 9 சதவீதம் கூடுதல் பலனைக் காட்டுகின்றன என்றது. இது அலட்சியப்படுத்தும் அளவல்ல. மறுபுறம், குழந்தைகள் நலம் சார்ந்த மீளாய்வுகளை எடுத்துக் கனடாவில் செய்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, ஆய்வேடுகளையும் அச்சேறாதவற்றையும் நீக்கினாலும் பெரும்பாலான முடிவுகள் அசையவில்லை என்று கண்டது. இரண்டும் உண்மையாக இருக்கமுடியும். நூற்றுக்கணக்கான சோதனைகள் ஆய்விதழ்களில் குவிந்திருக்கும் கேள்வியில் நாலு ஆய்வேடுகள் பெரிதாக எதையும் மாற்றாது. மொத்தமே ஒன்பது ஆய்வுகள் உள்ள கேள்வியில், அதுவும் திட்டத்தை நடத்துவதும் அளப்பதும் அரசுத் துறைகளாக இருக்கும்போது, அறிக்கைகளை விட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. சிறைத்துறையினருக்கு ஆய்விதழில் எழுதிப் பேர் வாங்கவேண்டிய அவசியமே இல்லையே.

தேடி எடுத்த அறிக்கைகள் அதிகாரத்தில் இருப்பவர்களின் காதில் விழுந்தனவா என்பது வேறு கதை. தன் மாநிலத்துத் திட்டக்குழுவே 1979இல் பாதகமான கணக்கை எழுதிவைத்திருந்தும், மீளாய்வு 2002இலேயே வெளிவந்திருந்தும், இல்லினாய் ஆளுநர் ராட் பிளகோயெவிச் 2003இல் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சிகாகோ அரசுப் பள்ளிகள், வழி தவறக்கூடிய மாணவர்களைச் சிறைக்கு அழைத்துப்போகும் திட்டம் ஒன்றை நடத்தவேண்டும் என்றது அந்தச் சட்டம். 2013இல் மீளாய்வாளர்கள் மறுபடி ஒருமுறை எல்லா அலமாரிகளையும் தேடினார்கள். 1992க்குப் பிறகு புதிதாக ஒரு ஆய்வும் அவர்கள் விதிகளுக்குள் தேறவில்லை. ஆகவே இன்றைக்கும் இந்தக் கேள்விக்கான கணக்கு அதே ஏழு ஆவணங்களின் மேல்தான் நிற்கிறது: அமெரிக்கா மட்டும், பெரும்பாலும் பையன்கள், எல்லாம் பல பத்தாண்டுப் பழசு.